பனடோல் எத்தனை, நோவுக் குளிசை யாருக்கு: பாமசி மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனடோல் ஒரு நாளைக்கு எத்தனை போடலாம்? சிலர் ஆறு எண்டுறாங்க, சிலர் எட்டு எண்டுறாங்க.

வேறு வருத்தம் இல்லாத, 50 கிலோவுக்கு மேல் நிறையுள்ள பெரியவருக்கு 24 மணித்தியாலத்துக்குள் எட்டுக் குளிசை உச்ச அளவு. 500 மி.கி. குளிசையில் ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு. அடுத்த தடவைக்குக் குறைந்தது நான்கு மணித்தியாலம் இடைவெளி. நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். தலையிடி, உடம்பு நோவு என்று வருகிறவர்களில் பலருக்கு இதில் பாதியே காணும்.

நாள் என்றால் விடிந்ததிலிருந்து படுக்கும் வரைக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். முதல் நாள் மத்தியானத்திலிருந்து இரவுக்குள் ஆறு குளிசை போட்டுவிட்டு, விடிந்ததும் புதுக் கணக்குத் தொடங்கினால் அடுத்த மத்தியானத்துக்குள் பத்தாகிவிடும். எந்த நேரத்தில் நின்று பார்த்தாலும் அதற்கு முந்திய 24 மணித்தியாலத்துக்குள் எட்டைத் தாண்டியிருக்கக் கூடாது.

ஆறு என்று சொல்பவர்களும் பிழை சொல்லவில்லை. மூட்டு நோவுக்காரருக்கு எழுதிக்கொடுக்கும் 665 மி.கி. நீள்நேரக் குளிசை ஒன்று இருக்கிறது. அது எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இரண்டு, நாளுக்கு ஆறோடு சரி. அட்டையைத் திருப்பி 500 என்றிருக்கிறதா 665 என்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்க வேண்டும்.

மெலிந்தவர்களுக்குக் கணக்கு வேறு. ஒரு தடவைக்கு கிலோவுக்கு 15 மி.கி., ஒரு நாளைக்கு கிலோவுக்கு 60 மி.கி. என்று பிடியுங்கள். 40 கிலோ நிறையுள்ள அம்மம்மாவுக்கு ஒரு தடவைக்கு 600, ஒரு நாளைக்கு 2400 மி.கி. வருகிறது. ஆக ஒரு தடவைக்கு ஒரு குளிசை, நாளுக்கு நான்கு. வீட்டில் எல்லாருக்கும் இரண்டிரண்டாகக் கொடுக்கும் பழக்கத்தில் அவருக்கும் இரண்டு போய்விடுகிறது. நிறை தெரியாவிட்டால் கிளினிக் கொப்பியைப் புரட்டுங்கள், அனேகமாக எழுதியிருப்பார்கள்.

எட்டுக்கு மேல ஒண்டு ரெண்டு கூடினா என்ன? என்ட மனுசன் போட்டவர், ஒண்டும் செய்யல்லையே.

ஒரு நாள் ஒன்று கூடிப்போனதால் ஈரல் கெட்டுவிடப் போவதில்லை. ஆனால் ‘ஒன்றும் செய்யவில்லை’ என்பதை அத்தாட்சியாக எடுக்க முடியாது. இந்த மருந்தின் குணமே அதுதான்.

பனடோலுக்குள் இருக்கும் மருந்து பரசிட்டமோல். நாம் விழுங்குவதில் பெரும்பகுதியை ஈரல் சுத்தமாக்கிச் சிறுநீரோடு அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறும். அதை அடக்க ஈரலில் குளுட்டதயோன் என்றொரு பொருள் இருக்கிறது. அளவோடு போடும்வரை நச்சு உண்டாக உண்டாக அது அடக்கிக்கொண்டே வரும். அளவு கூடினால் குளுட்டதயோன் கையிருப்புத் தீர்ந்து, மிஞ்சிய நச்சு ஈரல் கலங்களையே தின்னத் தொடங்கும். சரியாகச் சாப்பிடாதவர், நாட்கணக்கில் சத்தி எடுத்தவர், நாளாந்தம் குடிப்பவர் ஆகியோருக்கு அந்தக் கையிருப்பு ஏற்கெனவே குறைவு. காய்ச்சலில் மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணியோடு கிடக்கிறவர்தான் அதிகமாகப் பனடோல் போடுகிறவரும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஈரல் கெடுவது வெளியே தெரிய நேரம் எடுக்கும். முதல் நாளில் கொஞ்சம் ஓங்காளம், சத்தி, சோர்வு. சிலருக்கு அதுவும் இல்லை. இரண்டாம் நாள் ஆள் தேறிவிட்டதுபோல் கூட இருப்பார். அதே நேரத்தில்தான் இரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவுகள் ஏறத் தொடங்கியிருக்கும். பிறகு வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே நோவு, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, தேயிலைச் சாயம்போல் சிறுநீர், மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சள். பேச்சுத் தடுமாறுவது, பகலில் அயர்ந்து தூங்குவது, ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்காமல் கசிவது எல்லாம் ஈரல் கைவிடுகிறது என்பதற்கான அடையாளங்கள். கண் மஞ்சளாகும் வரை காத்திருந்தால் மருந்துக்கு உரிய நேரம் கடந்துவிட்டிருக்கும்.

கண் மஞ்சளானவரைச் செங்கண்மாரி என்று சொல்லி நாட்டு மருந்துக்குக் கொண்டுபோவது நம்மிடம் இன்னும் இருக்கிறது. போன கிழமை என்னென்ன குளிசை போட்டார் என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. முதலில் ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்க்க வேண்டும்.

தடிமனுக்கு வேற குளிசை தந்தவங்க. அதோட பனடோலும் போடலாமா?

தடிமன் குளிசைகள் பலவற்றுக்குள் பரசிட்டமோல் இருக்கிறது. கொடெயின் கலந்த நோவுக் குளிசையிலும் இருக்கிறது. அட்டையில் பெரிய எழுத்தில் கம்பனிப் பெயரும் அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் இருக்கும். சிறிய எழுத்தில் பரசிட்டமோல் என்று கண்டால் அதையும் எட்டுக்குள் சேர்த்து எண்ணுங்கள்.

எனக்குக் கவலை அட்டையைப் பற்றி அல்ல, கடுதாசிப் பையைப் பற்றித்தான். தனியார் டிஸ்பென்சரியில் குளிசையை எண்ணிப் போட்டு, மேலே காலை, பகல், இரவு என்று மட்டும் கீறித் தருகிறார்கள். உள்ளே இருக்கும் வெள்ளைக் குளிசை பரசிட்டமோலா, டைக்ளோபெனக்கா, வேறேதுமா என்று எங்களாலும் பார்த்துச் சொல்ல முடியாது. வெள்ளையில் நூறு குளிசை இருக்கிறது. ‘இந்தப் பையில் என்ன மருந்து என்று எழுதித் தாங்கோ டொக்டர்’ என்று அங்கேயே கேளுங்கள். எழுதித் தராத பையோடு வீட்டிலுள்ள பனடோலையோ நோவுக் குளிசையையோ சேர்க்க வேண்டாம்.

நோவுக் குளிசை வயித்தைப் புண்ணாக்கும் எண்டுறாங்க. சாப்பிட்டுப் போட்டா சரிதானே?

நோவுக் குளிசை என்று நீங்கள் கேட்டு வாங்குவது பெரும்பாலும் டைக்ளோபெனக், இபுபுரோபன், மெபனமிக் அசிட், நப்ரொக்சன் இவற்றில் ஒன்று. இரைப்பைக்குள் சுரக்கும் அமிலம் அதன் சுவரையே அரிக்காமல் இருக்க ஒரு வழுவழுப்பான பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சைச் சுரக்கச் செய்வதும், முழங்காலை வீங்கி நோகச் செய்வதும் ஒரே குடும்பத்து இரசாயனங்கள். குளிசை முழங்காலுக்கென்று தனியாகப் போவதில்லை. இரத்தத்தில் கலந்து இரண்டு இடத்திலும் உற்பத்தியை நிறுத்துகிறது. முழங்கால் நோவு தணிகிறது, இரைப்பையின் பூச்சும் மெலிகிறது.

அதனால் சாப்பிட்டபின் போடுவது நெஞ்செரிவைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். ஊசியாகப் போட்டாலும் பின்பக்கம் வைக்கும் மருந்தாகப் போட்டாலும் இரைப்பைக்கு ஆபத்து அப்படியே இருக்கிறது. ‘ஊசிதான் போட்டனான், வயித்துக்குள்ள ஒண்டும் போகல்ல’ என்று சொல்பவர்களுக்கு இதை ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கிறது.

பனடோலில் எண்ணிக்கை முக்கியம். இங்கே யார் போடுகிறார், எந்த மருந்தோடு சேர்த்துப் போடுகிறார் என்பது எண்ணிக்கையை விட முக்கியம். டைக்ளோபெனக் 50 மி.கி. குளிசை நாளுக்கு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. டொக்டரின் துண்டு இல்லாமல் இபுபுரோபன் 400 மி.கி. குளிசை போடுகிறவரும் மூன்றோடு நிறுத்த வேண்டும். ஆனால் அந்த அளவுக்குள்ளேயே இரத்தம் கசிந்தவர்கள் ஏராளம். 65 வயதைத் தாண்டியவர், முன்பு இரைப்பைப் புண் வந்தவர், இருதயத்துக்கு அஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல் போடுகிறவர், வார்பரின் போடுகிறவர், இழுப்புக்கோ மூட்டுவாதத்துக்கோ பிரெட்னிசொலோன் எடுக்கிறவர் ஆகியோர் இந்தக் குளிசைகளைத் தாமாக வாங்கிப் போடவே கூடாது. சிறுநீரக வருத்தமுள்ளவருக்கும் அப்படித்தான். அங்கே கெடுவது சிறுநீரகம்.

வயல் வேலை செய்த இளவயதுக்காரர் இடுப்புப் பிடித்து இரண்டு மூன்று நாள் சாப்பாட்டுக்குப் பிறகு டைக்ளோபெனக் போடுவதில் பெரிய பயமில்லை. அதையே ஒவ்வொரு வெட்டுக் காலத்திலும் ஒரு மாதம் தொடர்ந்து போடுவது வேறு கதை.

வாப்பாக்கு 66 வயசு. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஹார்ட் அட்டாக் வந்தது, கிளினிக் மருந்து ஒழுங்காப் போடுறார். வெட்டு முடிஞ்ச கையோட முழங்கால் வீங்கி, பாமசியில டைக்ளோபெனக் எடுத்து காலையும் இரவும் போட்டார். நோவு விடல்ல எண்டு டிஸ்பென்சரியிலும் காட்டினோம், அங்கயும் இபுபுரோபன் தந்த. ஒன்பது நாளாச்சு. நேத்திலிருந்து சோர்வு, படி ஏறினா மூச்சு வாங்குது, மலம் கறுப்பாப் போகுது. வயித்து நோவு இல்ல. என்ன செய்யலாம்?

இன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அது இலவசம். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருத்திக்கொண்டு போக வேண்டாம், வழியில் மயங்கினால் விழுந்துவிடுவார். போகும்வரை வாயால் எதுவும் கொடுக்காதீர்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

நீங்கள் எழுதியதிலிருந்து தெரிவது இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ இரத்தம் கசிகிறது என்பதுதான். அவர் உடம்பில் ஒரே நேரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். டைக்ளோபெனக்கும் இபுபுரோபனும் ஒரே வகை மருந்து. இரண்டையும் சேர்ப்பதால் நோவு இரட்டிப்பாகக் குறையாது, புண் உண்டாகும் ஆபத்துத்தான் கூடும். மாரடைப்பு வந்தவருக்குக் கிளினிக்கில் பெரும்பாலும் அஸ்பிரின் இருக்கும், சில பேருக்குக் குளோபிடோகிரெல்லும் சேர்ந்திருக்கும். இரண்டும் இரத்தம் உறைவதைத் தடுக்கத்தான் கொடுக்கப்படுகின்றன. புண்ணை ஆக்க இரண்டு மருந்து, அதிலிருந்து வரும் இரத்தத்தை உறையவிடாமல் வைத்திருக்க இன்னும் ஒன்றோ இரண்டோ.

வயிற்று நோவு இல்லை என்பது நல்ல செய்தி அல்ல. நோவுக் குளிசை முழங்கால் நோவை மறைப்பதுபோல் புண்ணின் நோவையும் மறைக்கும். வயதானவர்களிலும் சீனி வருத்தமுள்ளவர்களிலும் எந்த நோவும் இல்லாமல் முதல் அடையாளமாக இரத்தக் கசிவே வருவதுண்டு. இன்னொன்று, இருதய நோயாளிக்கு அடெனோலோல், பிசோபிரோலோல் போன்ற குளிசை இருந்தால் நாடித்துடிப்பு ஏறாது. இரத்தம் குறையும்போது நெஞ்சு படபடக்க வேண்டும், அந்தப் படபடப்பை இந்தக் குளிசை அடக்கிவைக்கும். கை பிடித்துப் பார்த்து நாடி நல்லா இருக்கு என்று ஆறுதல் அடையாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் பிரசரையும் நாடியையும் பார்ப்பார்கள், கையில் ஊசி ஏற்றி இரத்தம் எடுப்பார்கள். முதல் சில மணித்தியாலத்தில் ஹீமோகுளோபின் அளவு நல்லாயிருப்பதுபோல் காட்டலாம். அதைப் பார்த்து வீட்டுக்குக் கூட்டிப்போக அவசரப்பட வேண்டாம். போன இரத்தத்துக்குப் பதிலாக உடம்பு நீரை இழுத்து நிரப்பிய பிறகுதான் அளவு விழும். அமிலத்தை அடக்கும் மருந்தை நாளத்தால் ஏற்றி, தேவையானால் இரத்தம் கொடுத்து, வாய்வழியே கமராக் குழாய் விட்டுப் புண்ணைப் பார்ப்பார்கள். கசிகிற இடத்தை அந்தக் குழாயாலேயே அடைக்க முடியும். அந்த வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் தயங்காமல் போங்கள்.

ஒரு விடயத்தில் கவனம். நோவுக் குளிசை இரண்டையும் இப்போதே நிறுத்துங்கள். அஸ்பிரினையும் குளோபிடோகிரெல்லையும் நிறுத்துவதா தொடர்வதா என்று அங்குள்ள டொக்டர்கள் முடிவெடுப்பார்கள். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் அவற்றைத் தாமாக நிறுத்தினால் மறுபடி மாரடைப்பு வரலாம். கிளினிக் கொப்பி, எல்லா அட்டையும், கடுதாசிப் பையும் ஒரு சொப்பின் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

தேறி வந்தபின் முழங்காலுக்கு டைக்ளோபெனக் வேண்டவே வேண்டாம். வயிறு ஒருபக்கம் இருக்க, மாரடைப்பு வந்தவருக்கு அது இருதயத்துக்கே கூடாத மருந்து. இபுபுரோபன் அஸ்பிரினின் வேலையைத் தடுக்கும், அதுவும் வேண்டாம்.

இரும்புக் குளிசை போட்டாலும் கறுப்பாத்தானே போகும்? எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது?

இரும்புக் குளிசையால் வருவது கரும்பச்சை. பார்ப்பதற்கு வழமையான மலம்போல் இறுகியிருக்கும், மணம் பெரிதாக மாறாது. இரத்தம் கலந்தது வீதிக்கு ஊற்றும் தார் போல இருக்கும்: பளபளப்பான கறுப்பு, பிசுபிசுப்பு, தண்ணீர் ஊற்றினாலும் கோப்பையை விட்டு லேசில் போகாது. நாற்றம் வேறு மாதிரி, ஒருமுறை மணந்தவர் மறக்கமாட்டார். வயதானவரிடம் ‘கறுப்பாப் போகுதா’ என்று மட்டும் கேட்டால் ஓம் என்றோ இல்லை என்றோ சும்மா சொல்லிவிடுவார். பின்வீட்டுக் கக்கூசில் வெளிச்சமும் இருக்காது. கழுவும்போது ஒட்டுகிறதா, நாறுகிறதா என்று கேளுங்கள், முடிந்தால் நீங்களே டோர்ச் அடித்துப் பாருங்கள்.

இப்படிக் கறுப்பாக 50 முதல் 100 மில்லிலீற்றர் இரத்தம் போதும், அரைக் கோப்பைத் தேத்தண்ணி அளவு. அதனால் ஒரே ஒரு தடவை போனாலும் பெறுமதியான அடையாளம். மறுபக்கம், கசிவு நின்ற பிறகும் குடலில் தங்கிய பழைய இரத்தம் ஓரிரு நாள் வந்துகொண்டிருக்கலாம். நின்றதா இல்லையா என்பதை மலத்தைப் பார்த்து வீட்டிலிருந்து சொல்ல முடியாது.

சத்தியில் கோப்பி மண்டி போன்ற துகள் வந்தால் அதுவும் அமிலத்தில் ஊறிய இரத்தம்தான். நம் பக்கத்தில் ஒரு குழப்பம் வெற்றிலை. வெற்றிலை போட்டவர் சத்தி எடுத்தால் செம்மண் நிறமாக வரும். வெற்றிலைச் சாயம் முதல் சத்தியோடு போய்விடும், பாக்குத் துண்டும் தெரியும். வாய் கொப்பளித்த பிறகும் சிவப்பாகவோ கட்டியாகவோ வந்தால் இரத்தம் என்றே எடுங்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது, கை குளிர்ந்து வியர்ப்பது, உதடும் கண்ணின் உட்புறமும் வெளிறுவது இவற்றில் ஒன்று கூட இருந்தாலும் 1990.

நோவுக் குளிசையோட கேஸ் குளிசையும் சேத்துப் போட்டா பயமில்லையா?

எந்தக் கேஸ் குளிசை என்பதைப் பொறுத்தது. சப்பித் தின்னும் குளிசையும் வெள்ளைப் பாணியும் அமிலத்தைச் சற்று நேரம் தணிக்கும், எரிவு போய்விடும், புண் உண்டாவதைத் தடுக்காது. எரிவு போன துணிவில் நோவுக் குளிசையை நீட்டுவதால் நிலைமை இன்னும் மோசம். ஒமெப்பிரசோல் உண்மையில் ஆபத்தைக் குறைக்கும். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன், நோவுக் குளிசை போடும் நாள் முழுக்க. ஆனால் முற்றாக இல்லாமலாக்காது, சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் அது பாதுகாப்பும் இல்லை.

மழை தொடங்கினா இங்க டெங்கு. காய்ச்சல், எலும்பு முறியிற நோவு. பனடோல் போட்டும் விடல்ல, பலமான நோவுக் குளிசை ஒண்டு போடலாமா?

வேண்டாம். டெங்குவில் இரத்தத் தட்டுகள் குறைந்து, இரத்தம் கசியும் தன்மை ஏற்கெனவே கூடியிருக்கும். அதன்மேல் டைக்ளோபெனக், இபுபுரோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எது போட்டாலும் இரைப்பையில் பெருங்கசிவு ஏற்படலாம். காய்ச்சலுக்குப் பின்பக்கம் வைக்கும் மருந்து வாங்குகிறவர்கள் உறையில் பெயர் பாருங்கள். பரசிட்டமோல் என்றால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், டைக்ளோபெனக் என்றால் வைக்கவே கூடாது.

பனடோல் போட்டும் காய்ச்சல் முழுதாக விடாதது டெங்குவில் வழமை. 103 இருந்தது 101 ஆனால் அது தன் வேலையைச் செய்துவிட்டது. விடவில்லை என்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா போடும்போதுதான் வினை வருகிறது, ஏனென்றால் டெங்கு வைரசே ஈரலை வீங்கச் செய்திருக்கும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நிறைக்கேற்ற அளவு, அதற்கு மேல் இல்லை. இடையில் இளஞ்சூட்டு நீரில் துணி நனைத்துத் துடையுங்கள், இளநீர், கஞ்சி, ஜீவனி கொடுங்கள். மூன்றாம் நாள் இரத்தம் பாருங்கள். காய்ச்சல் விட்டபின் வயிற்று நோவும் தொடர் சத்தியும் வந்தால் அதுதான் டெங்குவின் ஆபத்தான கட்டம், வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அது சிறுநீரகத்தைத் தாக்கும் நோய், நோவுக் குளிசையும் சேர்ந்தால் சிறுநீரகம் இன்னும் கெடும்.

மகளுக்கு மூணு வயசு, 12 கிலோ. பாணி எத்தனை கரண்டி?

கரண்டியால் அளக்காதீர்கள், போத்தலோடு வரும் மூடியோ சிரிஞ்சோ வேண்டும். 12 கிலோவுக்கு ஒரு தடவை அதிகபட்சம் 180 மி.கி. போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மி.கி. என்றிருந்தால் 7.5 மில்லிலீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளுக்கு நான்கு தடவைக்குள். 250 மி.கி. என்று எழுதிய பாணியும் விற்பனையில் இருக்கிறது. அதிலும் பழைய பழக்கத்தில் 7.5 ஊற்றினால் பிள்ளைக்கு இரண்டு மடங்கு போகும். அதில் 3.5 மில்லிலீற்றர் காணும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பாணி கொடுத்துப் பார்க்காமல் டொக்டரிடம் போங்கள்.

எங்கட ஆள் பின்னேரத்தில சாராயம் எடுக்கிறவர். காலையில தலையிடிக்கு ரெண்டு பனடோல் போடுறார், வேலைக்குப் போகக்குள்ள இன்னும் ரெண்டு.

நாளாந்தம் குடிப்பவருக்கு நாளுக்கு நான்கு குளிசைதான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தொடர்ந்து பல நாளைக்கு அல்ல. குடி ஈரலில் நச்சு உண்டாகும் வழியைத் திறந்துவிட்டு, அதை அடக்கும் கையிருப்பையும் குறைக்கிறது. சாராயமோ கசிப்போ கள்ளோ இதில் வித்தியாசமில்லை. பனடோல் ஈரலைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டு டைக்ளோபெனக்குக்கு மாறுகிறவர்களும் உண்டு. குடித்த இரைப்பையில் அது இன்னும் மோசம். ஈரல் ஏற்கெனவே கெட்டு வயிற்றில் நீர் கட்டியவருக்கு எதையும் வீட்டிலிருந்து முடிவெடுக்க வேண்டாம்.

வீட்டில சண்டை பிடிச்சிட்டுத் தங்கச்சி ஒரு கை பனடோலை விழுங்கிட்டாள். இப்ப சிரிச்சுக்கிட்டு நல்லாத்தான் இருக்காள். பார்த்திட்டுக் கூட்டிப்போனாச் சரியா?

உடனே கூட்டிப்போங்கள். எத்தனை என்று சரியாகத் தெரியாவிட்டாலும், அவள் மாட்டேன் என்றாலும், சத்தி எடுத்துவிட்டாலும் போக வேண்டும். மேலே சொன்னதுபோல் முதல் நாள் ஆள் நல்லாத்தான் இருப்பார்.

இதற்கு நல்ல மாற்றுமருந்து இருக்கிறது, பெயர் அசிட்டைல்சிஸ்டீன். தீர்ந்துபோன அந்தக் கையிருப்பை ஈரலுக்கு மீண்டும் கொடுப்பதுதான் அதன் வேலை. விழுங்கிய எட்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் ஈரலை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றலாம். எட்டுத் தாண்டிவிட்டதென்று வீட்டில் நிற்காதீர்கள், பிந்தினாலும் பயனுண்டு. நான்கு மணித்தியாலம் கழித்து இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் வசதி இருந்தால் பார்ப்பார்கள். அதற்காக நான்கு மணித்தியாலம் கழித்துப் போகலாம் என்று அர்த்தமில்லை. உப்புத் தண்ணி, சவர்க்காரத் தண்ணி கொடுத்துச் சத்தி எடுக்கவைக்க வேண்டாம். வெறும் அட்டைகளைப் பொறுக்கி எடுத்து, எத்தனை மணிக்கு விழுங்கினாள் என்பதையும் சொல்லுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ, கல்முனையோ, அக்கரைப்பற்றோ, களுவாஞ்சிக்குடியோ, எது கிட்டவோ அங்கே.

அங்கே மனநலப் பிரிவிலும் பேசவைப்பார்கள். அதை வெட்கக்கேடாக எடுத்து இடையில் கையெழுத்து வைத்துக் கூட்டிவந்துவிடாதீர்கள். அவளோ நீங்களோ பேச ஆள் வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய மனநல இலக்கம் இரவு பகலாகத் திறந்திருக்கிறது. வீட்டில் ஒரே நேரத்தில் ஓரிரு அட்டைக்கு மேல் பனடோல் வாங்கி வைக்கவும் வேண்டாம்.

மகள் முழுகாம இருக்காள், அஞ்சு மாசம். இடுப்பு நோவுக்கு எது போடலாம்?

பரசிட்டமோல், தேவையான அளவு, தேவையான நாளுக்கு மட்டும். ஐந்து மாதம் தொடக்கம் டைக்ளோபெனக், இபுபுரோபன், மெபனமிக் அசிட் வேண்டாம், பிள்ளையின் சிறுநீரகத்தையும் இருதயக் குழாயையும் பாதிக்கும். கர்ப்பகாலத்தில் டொக்டர் குறைந்த அளவில் எழுதிய அஸ்பிரினை இதோடு குழப்பி நிறுத்திவிட வேண்டாம்.

அப்ப வயசானவர் முழங்கால் நோவோட சும்மா இரிக்கிறதா? பூச்சு மருந்தாவது போடலாமா?

போடலாம். டைக்ளோபெனக் ஜெல் தோலுக்குள்ளால் மூட்டுக்குப் போகும். இரத்தத்தில் கலப்பது குளிசையை விட மிகக் குறைவு, அதனால் இரைப்பைக்கு ஆபத்தும் குறைவு. முழங்கால், விரல் மூட்டுப் போன்ற தோலுக்குக் கிட்டவுள்ள இடத்தில் நன்றாக வேலை செய்யும், இடுப்பின் ஆழத்துக்கு எட்டாது. நாளுக்கு மூன்று நான்கு தடவை, அழுத்தித் தேய்க்காமல் தடவிவிட வேண்டும். பூசிய இடத்துக்கு மேல் ஒத்தடமோ இறுக்கக் கட்டோ வேண்டாம், புண்பட்ட தோலில் பூச வேண்டாம். ஒரு கிழமை ஒழுங்காகப் பூசிய பிறகுதான் பலனைச் சொல்ல முடியும். வார்பரின் போடுகிறவரும் சிறுநீரக வருத்தக்காரரும் பூசுவதற்கு முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பூசிக்கொண்டே அதே பெயர்க் குளிசையையும் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஜெல் வாங்கும்போது அதையும் கேட்டுத்தான் கொடுக்கிறேன்.